பழுதான எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு மாற்று கேட்டு எழுதும் கடிதம்: புதிதாக எழுதுவோருக்குச் சில அறிவுரைகள்

வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை, எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் நின்றுவிட்டது, கடைக்காரர் கையை விரிக்கிறார், என்ன செய்வது என்று கேட்டுக்கொண்டு எங்கள் நுகர்வோர் மையத்துக்கு இளையவர்கள் நிறையப் பேர் வருகிறார்கள். கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு இவர்களுக்குக் கடிதம் எழுதப் பழக்குவதுதான் என் வேலையாகிவிட்டது. அவர்களிடம் நேரில் சொல்வதை இங்கே எழுதுகிறேன். உதாரணத்துக்கு, காரைக்குடியில் தனியாக ஒரு சிறிய போட்டோ ஸ்டுடியோ நடத்தும் ஒரு பெண்ணின் விவகாரத்தை எடுத்துக்கொள்கிறேன். அவர் மதுரையில் ஒரு கடையில் 17.05.2025 அன்று 2 டிபி டிஸ்க் ஒன்றை வாங்கினார். பில்லில் மூன்று வருட வாரண்டி என்று எழுதியிருந்தது. நவம்பர் முதல் வாரத்தில் அது பழுதானது.

1. கெட்டது டிஸ்க்தானா என்று முதலில் பாருங்கள்.

"டிஸ்க் ஓப்பன் ஆகவில்லை" என்று வருகிறவர்களில் சிலருடைய டிஸ்க்கில் ஒரு குறையும் இருக்காது. கேபிள்தான் போயிருக்கும். பையில் மடங்கி மடங்கி, அந்த அகலமான மைக்ரோ யூஎஸ்பி முனை ஆட்டம் கண்டிருக்கும். நல்ல கேபிள் ஒன்றை இரவல் வாங்கி மாட்டிப் பாருங்கள். யூஎஸ்பி ஹப் வழியாக மாட்டாமல் கம்ப்யூட்டரில் நேராக மாட்டுங்கள். மேஜைக் கம்ப்யூட்டராக இருந்தால் பின்பக்கத்து போர்ட்டில் மாட்டுங்கள். தனி அடாப்டர் இல்லாத சிறிய டிஸ்க்குகள் சுழலத் தொடங்கும்போது நிறைய மின்சாரம் இழுக்கும். பழைய யூஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியர்தான் தரும், 3.0 போர்ட் 900 வரை தரும். அது போதாமல் டிஸ்க் நின்று நின்று சுற்றுவதைப் பழுது என்று நினைத்துவிடுகிறோம். கடைசியாக, வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டிப் பாருங்கள்.

2 டிபி என்று வாங்கியது திரையில் 1.81 டிபி என்று காட்டுகிறதே என்று சண்டைக்குப் போகாதீர்கள். தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்கிக் கணக்கிடுகிறார், விண்டோஸ் 1024-ஆல் வகுத்துக் காட்டுகிறது. அதற்குக் கடிதம் எழுதினால், பிறகு நிஜமான பழுதுக்கு எழுதும்போதும் உங்களை நம்ப மாட்டார்கள்.

2. பழுதுக்கான சான்றை, டிஸ்க் உங்கள் கையில் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள்.

இதை நான் மிகவும் அழுத்திச் சொல்வேன். ஹார்ட் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்துக்கொள்ளும். இதற்கு ஸ்மார்ட் பதிவு என்று பெயர். CrystalDiskInfo என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் அந்தப் பதிவு முழுவதும் வரிசையாகத் தெரியும், மேலே ஒரு கட்டத்தில் Good, Caution, Bad என்று மொத்த நிலையும் வரும். லினக்ஸ் வைத்திருப்பவர்கள் இந்தக் கட்டளையைக் கொடுக்கலாம். sdb என்பது உங்கள் கணினியில் வேறாக இருக்கலாம், பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

```
sudo smartctl -a -d sat /dev/sdb
```

நிறைய வரிகள் வரும். புதியவர்களுக்கு மூன்று போதும். CrystalDiskInfo காட்டும் பெயர்களையே சொல்கிறேன், smartctl இவற்றை 5, 197, 199 என்று சாதாரண எண்ணில் காட்டும். 05 என்ற வரி, கெட்டுப்போனதால் மாற்று இடம் ஒதுக்கப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கை. C5 என்ற வரி, படிக்க முடியாமல் திணறி, என்ன செய்வது என்று முடிவாகாமல் நிற்கும் செக்டர்களின் எண்ணிக்கை. C7 என்ற வரி தரவு வரும் வழியில் நடந்த பிழை. இந்த எண் மட்டும் ஏறி மற்ற இரண்டும் பூஜ்யமாக இருந்தால் முதலில் கேபிளையும் இணைப்பையும் சந்தேகப்படுங்கள்.

காரைக்குடிப் பெண்ணின் திரையில் Caution என்று மஞ்சளாக வந்தது. C5 வரியின் Raw Values பத்தியில் 0000000001A8 என்று இருந்தது. இது எழுத்துப் பிழையோ என்று அவர் கேட்டார். இல்லை. அந்த மென்பொருள் வழக்கமாகப் பதினாறடிமான எண்ணில் காட்டும். 1A8 என்றால் நாம் எண்ணும் கணக்கில் 424. ஆறு மாதம்கூட ஆகாத டிஸ்க்கில் 424 செக்டர்கள் படிக்க முடியாமல் நிற்கின்றன என்பது ஒரு வரியில் சொல்லக்கூடிய, யாரும் மறுக்க முடியாத பழுது.

இந்தத் திரையை முன்கூட்டியே படம் எடுக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கடையில் டிஸ்க்கை வாங்கி முழு ஃபார்மட் போடுவார்கள். அப்போது எல்லா செக்டர் மேலும் பூஜ்யம் எழுதப்படும். திணறிக்கொண்டிருந்த செக்டரில் எழுத முடிந்துவிட்டால் அது பட்டியலில் இருந்து நீங்கிவிடும், முடியாவிட்டால் அதற்கு மாற்று இடம் ஒதுக்கப்படும். எப்படியானாலும் C5 எண் இறங்கிவிடும். "செக் பண்ணிட்டோம், நல்லா இருக்கு, எடுத்துட்டுப் போங்க" என்று திருப்பித் தருவார்கள். கடைக்காரர் பொய் சொல்லியிருக்க மாட்டார், அவர் திரையில் அப்படித்தான் தெரிந்திருக்கும். சில வாரம் கழித்து மறுபடி அதே கோளாறு வரும். ஆகவே சீரியல் எண், தேதி, C5 எண் மூன்றும் ஒரே படத்தில் தெரியும்படி எடுத்து வையுங்கள். அதே காரணத்துக்காக நீங்களும் ஃபார்மட் போடாதீர்கள். யாராவது chkdsk /r போடச் சொன்னாலும் வேண்டாம். அது டிஸ்க் முழுவதையும் செக்டர் செக்டராகப் படித்து, ஏற்கெனவே தளர்ந்த டிஸ்க்கை இன்னும் வருத்தும்.

டிஸ்க் அடியோடு தெரியாமல் போயிருந்தால் ஸ்மார்ட் பதிவு கிடைக்காது. அப்போது கைபேசியில் ஒரு சிறு வீடியோ எடுங்கள். முதலில் பின்பக்கத்து சீரியல் எண், பிறகு கேபிள் மாட்டுவது, பிறகு டிக் டிக் என்று கேட்கும் சத்தம், பிறகு திரை. நடுவில் நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக எடுங்கள்.

3. உள்ளே இருக்கும் கோப்புகளைப் பற்றி முதலில் ஒரு முடிவுக்கு வாருங்கள்.

வாரண்டி என்பது டிஸ்க்குக்கு மட்டும்தான். உள்ளே இருக்கும் கல்யாண ஆல்பத்துக்கோ ஆய்வேட்டுக்கோ எந்தத் தயாரிப்பாளரும் வாரண்டி தருவதில்லை. அதை அட்டையிலேயே அச்சடித்தும் இருப்பார்கள். நீங்கள் கொடுத்த டிஸ்க்கே திரும்பி வராது. அதற்குப் பதிலாக வேறொன்று வரும். பழையது நிறுவனத்துக்குப் போய்விடும்.

அதனால் கடிதத்தை அனுப்பும் முன்பே இரண்டில் ஒன்றை முடிவு செய்யுங்கள். படிக்க முடிகிற நிலையில் இருந்தால் மிக முக்கியமானவற்றை முதலில் நகலெடுங்கள். அவை வந்து சேர்ந்த பிறகு மற்றவை. எல்லாம் எடுத்து, திரைச் சான்றும் பத்திரமான பிறகு, அந்தரங்கமானவற்றை அழித்துவிட்டுக் கொடுக்கலாம். படிக்கவே முடியவில்லை, ஆனால் கோப்புகள் இல்லாமல் முடியாது என்றால், தரவு மீட்பு நிறுவனத்திடம் போக வேண்டியிருக்கும். அங்கே டிஸ்க்கைத் திறப்பார்கள். திறந்த டிஸ்க்குக்குப் பொதுவாக வாரண்டி கிடையாது. யாரிடம் திறந்தால் வாரண்டி போகாது என்று தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேட்டு, பதில் வந்த பிறகே கொடுங்கள். மீட்புச் செலவு புது டிஸ்க் விலையைப் போலப் பல மடங்கு ஆகும். அப்படிப் பணம் செலவழிக்கத் தகுந்த கோப்புகளா என்பதை நீங்கள்தான் சொல்ல முடியும். தகுந்தவை என்றால் மாற்று டிஸ்க்கை மறந்துவிடுவதே சரி.

காரைக்குடிப் பெண்ணுக்கு இதில் சிரமம் இல்லை. டிஸ்க்கில் இருந்த இரண்டு திருமணங்களில் ஒன்று அவருடைய கேமரா கார்டில் அப்படியே இருந்தது. மற்றொன்றில் ஏறக்குறைய எல்லாப் படங்களும் நகலாகி வந்துவிட்டன. நின்றுபோன சில படங்களைப் பற்றி வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டார்.

4. பில், பெட்டி, சீரியல் எண் ஆகிய மூன்றையும் ஒரே மேஜையில் வைத்து ஒப்பிடுங்கள்.

வாரண்டி கேட்பதற்கு உயிர்நாடி சீரியல் எண். டிஸ்க்கின் பின்பக்கத்தில், அட்டைப்பெட்டியில், பில்லில் என்று மூன்று இடத்திலும் ஒரே எண் இருக்க வேண்டும். மென்பொருள் காட்டும் எண் இதிலிருந்து வேறாக இருந்தால் பதறாதீர்கள். சில டிஸ்க்குகளில் மேலுறைக்கு ஓர் எண்ணும் உள்ளே இருக்கும் டிஸ்க்குக்கு ஓர் எண்ணும் இருக்கும். வாரண்டிக்குக் கேட்பது மேலுறையில் அச்சடித்த எண்ணைத்தான். கடிதத்தில் இரண்டையும் எழுதி, எது எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள்.

பிறகு தயாரிப்பாளரின் இணையதளத்தில் அந்த எண்ணைக் கொடுத்து வாரண்டி நிலையைப் பாருங்கள். அங்கே காட்டும் முடிவு தேதி உங்கள் கணக்கைவிட முன்னதாக இருக்கலாம். தொழிற்சாலையில் இருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போன நாளில் இருந்து அவர்கள் எண்ணியிருப்பார்கள். பில்லைக் காட்டினால் வாங்கிய நாளில் இருந்து திருத்திக்கொள்வார்கள். "இந்த எண்ணுக்கு இந்த நாட்டில் வாரண்டி இல்லை" என்று வந்தால் கதையே வேறு. வெளிநாட்டுச் சந்தைக்கென்று வந்த சரக்கை உங்களிடம் விற்றிருக்கிறார்கள். அப்போது முழுப் பொறுப்பும் கடைக்காரர் மேல்தான், கடிதமும் அதைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும்.

பில் தாள் வெப்பத்தில் அச்சாகும் மெல்லிய தாளாக இருந்தால் சில மாதத்திலேயே வெளுத்துவிடும். வாங்கிய அன்றே படம் எடுத்து வைப்பது நல்லது. இப்போது வெளுத்துப்போயிருந்தால் கடையில் பில் எண்ணைச் சொல்லி மறுநகல் கேளுங்கள், ஜிஎஸ்டி கணக்கில் இருக்கும்.

5. கடைக்காரருக்கு எழுதுங்கள், நகலைத் தயாரிப்பாளருக்கு அனுப்புங்கள்.

"பத்து நாளைக்குள்ள வந்திருந்தா நாங்களே மாத்திக் கொடுத்திருப்போம், இப்ப கம்பெனி சர்வீஸ் சென்டருக்குத்தான் போகணும்" என்று அந்தப் பெண்ணிடம் கடையில் சொன்னார்கள். நடைமுறையில் அது பாதி உண்மை. மாற்று டிஸ்க்கைக் கடைசியில் தருவது பெரும்பாலும் தயாரிப்பாளர்தான். ஆனால் காசு வாங்கியவர் கடைக்காரர், பில்லில் மூன்று வருடம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். சர்வீஸ் சென்டர் உங்கள் ஊரில் இருந்து, அங்கே கொடுத்தால் வேலை முடியும் என்றால், நேரே போய்க் கொடுங்கள். அதில் கௌரவம் பார்க்க வேண்டாம். சென்டர் தூரத்தில் இருந்தாலோ, அங்கேயும் கடையைக் கை காட்டினாலோ கடிதம் கடைக்காரர் பெயருக்குத்தான் போக வேண்டும். தயாரிப்பாளரின் வாடிக்கையாளர் பிரிவுக்கு நகல் போகிறது என்பதைக் கடிதத்தின் கீழேயே எழுதுங்கள். இருவரும் ஒருவரை ஒருவர் காட்டித் தப்பிப்பது அதோடு குறையும்.

இணையத்தில் வாங்கியிருந்தால் விற்பவர் யார் என்பதை இன்வாய்ஸில் பாருங்கள். தளத்தின் பெயர் வேறு, விற்பவர் பெயர் வேறாக இருக்கும். தளத்தில் குறைதீர் அலுவலர் ஒருவரின் பெயரும் தொடர்பும் இருக்க வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. அவர் புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஆகவே விற்பவருக்கு எழுதி, அவருக்கும் அனுப்புங்கள்.

6. ஒரே ஒரு கோரிக்கை வையுங்கள்.

புதியவர்களின் கடிதத்தில் நான் முதலில் அடிப்பது இதைத்தான். டிஸ்க்கை மாற்றிக் கொடுங்கள், இல்லாவிட்டால் பணம் கொடுங்கள், போன படங்களுக்கு ஐம்பதாயிரம் கொடுங்கள், மன உளைச்சலுக்கு ஒரு லட்சம் கொடுங்கள், அலைந்த பஸ் காசு கொடுங்கள் என்று எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதுவார்கள். படிப்பவர் நிலையை யோசியுங்கள். மாற்று டிஸ்க் தர அனுமதி உள்ள ஊழியரிடம் அந்தக் கடிதம் போகும். ஒரு லட்சம் என்ற சொல்லைப் பார்த்ததும் அவருக்கு அதில் கை வைக்கப் பயம் வந்துவிடும். மேலாளருக்கு அனுப்புவார், மேலாளர் வக்கீலுக்கு அனுப்புவார், மாற்று டிஸ்க் அங்கேயே நின்றுவிடும்.

முதல் கடிதத்தில் மாற்று மட்டும் கேளுங்கள். இழப்பீடு கேட்கும் உரிமை அதனால் போய்விடாது. அதைக் கேட்கிற இடம் நுகர்வோர் ஆணையம்.

7. கடிதம் இப்படி இருந்தது.

அந்தப் பெண் முதலில் எழுதிக்கொண்டு வந்தது மூன்று பக்கம். அதில் கடைப் பையன் பேசிய விதம் மட்டும் ஒரு பக்கம். இருவரும் உட்கார்ந்து அதைக் குறைத்து எழுதினோம். பெயர்களையும் எண்களையும் விட்டுவிட்டுத் தருகிறேன்.

அனுப்புநர்: (பெயர், முழு முகவரி, கைபேசி எண், மின்னஞ்சல்)

பெறுநர்: உரிமையாளர், (கடையின் பெயர், முகவரி), மதுரை

நாள்: 10.11.2025

பொருள்: வாரண்டி காலத்துக்குள் பழுதான 2 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கை மாற்றித் தரக் கோருதல்

பார்வை: தங்கள் பில் எண் (…), நாள் 17.05.2025

ஐயா,

மேற்படி பில்லின்படி தங்களிடம் ஒரு 2 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கை ரூ. 6,400 கொடுத்து வாங்கினேன். மாடல் எண் (…), மேலுறையில் உள்ள சீரியல் எண் (…). பில்லில் மூன்று வருட வாரண்டி என்று குறிப்பிட்டுள்ளீர்கள். நான் தனியாக நடத்தும் சுயதொழிலில் நானே பயன்படுத்துவதற்காக இதை வாங்கினேன்.

06.11.2025 முதல் இந்த டிஸ்க்கில் உள்ள சில கோப்புகளைத் திறக்க முடியவில்லை. வேறு கேபிளிலும் வேறு இரு கணினிகளிலும் மாட்டிப் பார்த்தேன், நிலை மாறவில்லை. டிஸ்க்கின் ஸ்மார்ட் பதிவு Caution என்று காட்டுகிறது. C5 எண் 1A8, அதாவது படிக்க முடியாத நிலையில் 424 செக்டர்கள் உள்ளன. டிஸ்க் கீழே விழவில்லை, நனையவில்லை, திறக்கப்படவில்லை. லேபிளும் சிதையாமல் உள்ளது.

08.11.2025 அன்று தங்கள் கடைக்கு நேரில் கொண்டுவந்தேன். பத்து நாட்களுக்குப் பிறகு தாங்கள் பொறுப்பல்ல என்று வாய்மொழியாகத் தெரிவித்தார்கள். தாங்கள் கொடுத்த பில்லில் அப்படி ஒரு வரம்பு இல்லை.

ஆகவே, இதே கொள்ளளவுள்ள நல்ல டிஸ்க் ஒன்றை மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். பழுதான டிஸ்க்கை யாரிடம், எந்த முகவரியில் ஒப்படைக்க வேண்டும், எந்தத் தேதிக்குள் மாற்று கிடைக்கும் என்பதை 25.11.2025-க்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன். டிஸ்க்கைப் பரிசோதிப்பதானால் ஃபார்மட் செய்யும் முன் ஸ்மார்ட் பதிவைக் குறித்துக்கொள்ளுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
(கையெழுத்து, பெயர்)

இணைப்பு: பில் நகல், சீரியல் எண் லேபிளின் படம், ஸ்மார்ட் பதிவு தெரியும் திரையின் படம்

நகல்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, (தயாரிப்பு நிறுவனம்)

8. அந்தக் கடிதத்தில் இரண்டு வரிகளை மட்டும் விளக்குகிறேன்.

சுயதொழில் என்ற வரி வெறும் தகவலுக்காகப் போட்டதில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, வணிக நோக்கத்துக்குப் பொருள் வாங்கியவரை நுகர்வோர் என்று ஏற்பதில்லை. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கி, தானே பயன்படுத்துகிறவருக்கு விலக்கு கொடுத்திருக்கிறது. ஸ்டுடியோ பெயரில் பில் போட்டிருந்ததால் நாளைக்கு "இவர் வியாபாரி" என்று யாரும் சொல்ல இடம் இருக்கக் கூடாது என்று அதை எழுதினோம். வீட்டு உபயோகத்துக்கு வாங்கியவர்களுக்கு இந்த வரி தேவையில்லை.

விழவில்லை, நனையவில்லை, திறக்கவில்லை என்ற வரி, வாரண்டியை மறுப்பதற்கு வழக்கமாகச் சொல்லும் காரணங்களை முன்கூட்டியே அடைத்துவிடுகிறது. ஆனால் அது உண்மையாக இருந்தால் மட்டுமே எழுதுங்கள். மேஜையில் இருந்து விழுந்த டிஸ்க்கின் மூலையில் நசுங்கல் இருக்கும், சர்வீஸ் சென்டரில் முதலில் பார்ப்பதே அந்த மூலைகளைத்தான். பொய் ஒன்று தெரிந்துவிட்டால் கடிதத்தில் இருக்கும் மற்ற எல்லா உண்மையும் வீணாகிவிடும்.

கடைப் பையன் பேசிய விதத்தைக் கடிதத்தில் இருந்து எடுத்தபோது அந்தப் பெண்ணுக்கு வருத்தம்தான். அவருடைய கோபம் நியாயமானது. இருந்தாலும் அந்தக் கடிதத்தை முதலில் பிரிப்பவர் அதே பையனாக இருக்கலாம் என்று சொன்னேன், ஒத்துக்கொண்டார்.

9. கொடுத்ததற்குச் சான்று இல்லாமல் கடிதத்தைக் கொடுக்காதீர்கள்.

நேரில் கொடுத்தால் இன்னொரு நகலில் கடை முத்திரையும் தேதியும் கையெழுத்தும் வாங்குங்கள். மறுத்தால் வாதாடாமல் வெளியே வந்து தபாலில் அனுப்புங்கள். 2025-இல் பதிவுத் தபால் விரைவுத் தபாலோடு சேர்ந்துவிட்டது, அதனால் கவுன்டரில் விரைவுத் தபாலில் பதிவு செய்து அனுப்பச் சொல்லி, ரசீதைக் கடித நகலோடு பின் செய்து வையுங்கள். அதே கடிதத்தை மின்னஞ்சலிலும், கடையின் வாட்ஸ்அப் எண்ணிலும் அனுப்பிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பியதை நீங்களே பிறகு அழித்துவிடாதீர்கள்.

டிஸ்க்கை மட்டும் கடிதத்தோடு சேர்த்து அனுப்பாதீர்கள். யார் வாங்குவது, எந்த எண்ணில் பதிவு என்று பதில் வந்த பிறகு, ஜாப் ஷீட் ஒன்றை வாங்கிக்கொண்டுதான் டிஸ்க் உங்கள் கையை விட்டுப் போக வேண்டும். ஜாப் ஷீட்டில் சீரியல் எண்ணும் பழுதின் விவரமும் இருக்கிறதா என்று அங்கேயே நின்று படியுங்கள். "டிஸ்க் பழுது" என்று மட்டும் எழுதியிருந்தால் "C5 எண் 1A8" என்று சேர்த்து எழுதச் சொல்லுங்கள். கேபிளையும் பெட்டியையும் கேட்டால் மட்டும் கொடுங்கள், கொடுத்தால் அதையும் ஷீட்டில் எழுத வையுங்கள்.

10. வரக்கூடிய பதில்களுக்குத் தயாராக இருங்கள்.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது என்று பில்லிலேயே இருக்கிறது" என்பார்கள். பழுதான பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாட்களுக்குள், திரும்ப வாங்க மறுப்பதை 2019 சட்டம் நேர்மையற்ற வணிக நடவடிக்கை என்றே சொல்கிறது. இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஐந்து, ஆறு மாதம் ஆன டிஸ்க்குக்கு அந்த 30 நாள் விதி உதவாது. உங்களுக்குத் துணை, பில்லில் எழுதிக் கொடுத்த மூன்று வருட வாரண்டிதான். அதனால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

"புதுசு தர மாட்டோம், சரிசெய்து பரிசோதித்த டிஸ்க்தான் வரும்" என்பார்கள். பெரும்பாலான வாரண்டி அட்டைகளில் இதற்கு இடம் கொடுத்திருப்பார்கள். அப்படி எழுதியிருந்தால் ஏற்றுக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. ஆனால் கொள்ளளவு குறையக் கூடாது, மீதி வாரண்டி தொடர வேண்டும், இரண்டையும் எழுத்தில் கேளுங்கள்.

"டிஸ்க் நன்றாக இருக்கிறது" என்று வந்தால், பரிசோதனைக்குப் பிறகு எடுத்த ஸ்மார்ட் பதிவைக் கேளுங்கள். C5 பூஜ்யமாகி 05 ஏறியிருந்தால், கெட்ட செக்டர்களுக்கு மாற்று இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று அதுவே சொல்லிவிடும். காரைக்குடிப் பெண்ணுக்கு இந்தப் பதில்தான் முதலில் வந்தது. பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டே வரி எழுதி அனுப்பினார். அதற்குப் பிறகு ஒருவரும் டிஸ்க் நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை.

11. குறித்த தேதி தாண்டினால் அடுத்த படிக்குப் போங்கள்.

தேதி தாண்டிய பிறகு மறுபடி மறுபடி போன் செய்துகொண்டிருப்பதில் பலன் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகாரைப் பதியுங்கள். அவர்களுக்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் இல்லை, நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தருவார்கள். பல விவகாரங்கள் அங்கேயே முடிந்துவிடுகின்றன. முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்ச ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது. நீங்கள் குடியிருக்கிற அல்லது வேலை செய்கிற மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம், மதுரைக் கடை மீது சிவகங்கையில் புகார் கொடுக்கலாம். இணையத்தில் e-Jagriti தளத்தின் வழியாகவும் தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளில் இருந்து இரண்டு வருடத்துக்குள் செய்ய வேண்டும். அப்போது முதலில் கேட்பது நீங்கள் அனுப்பிய கடிதத்தின் நகலைத்தான்.

12. மாற்று வந்ததும் கடையிலேயே பிரிக்காமல் வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள்.

புதிய சீரியல் எண்ணைப் பழைய பில்லின் பின்னால் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், அல்லது எண் மாறியதைச் சொல்லும் ஒரு தாளைக் கேளுங்கள். பில்லில் பழைய எண்ணும் கையில் புதிய எண்ணும் இருந்தால் அடுத்த பழுதுக்கு வாரண்டி கேட்க முடியாது. வீட்டுக்கு வந்ததும் CrystalDiskInfo-வைத் திறந்து 05, C5 இரண்டும் பூஜ்யமா என்று பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். Power On Hours என்ற வரியையும் பாருங்கள், அது சரிசெய்த டிஸ்க்கா புதியதா என்பதற்கு ஒரு குறிப்புக் கிடைக்கும். பிறகு, முக்கியமில்லாத கோப்புகளால் டிஸ்க்கை ஒருமுறை முழுவதும் நிரப்பி, அதே வரிகளை மறுபடி பாருங்கள். 2 டிபி நிரம்ப ஓர் இரவு பிடிக்கும். எண்கள் நகராமல் இருந்தால் அழித்துவிட்டு உங்கள் வேலையை அதில் வையுங்கள். C5 ஒன்று ஏறியிருந்தாலும் மறுநாளே அதே ஜாப் ஷீட் எண்ணைக் குறிப்பிட்டு அடுத்த கடிதத்தை எழுதுங்கள்.